பாப்பாவின் இரண்டாம் இயலும் முப்பத்தொரு சீட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். உங்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கும், பிள்ளைகள் ஆராய்ச்சி செய்யும் வீட்டுக்காரர்களுக்கும் இது பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

என் தங்கை மகள் தொல்லியலில் பிஎச்.டி. செய்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. சிந்துவெளி முத்திரைகளில் வரும் மீன் குறிதான் அவளுடைய தலைப்பு. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தோளில் லேப்டாப் பையும் வீங்கிய கண்ணுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நெறியாளர் இரண்டாம் இயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே வரி: "இது பட்டியல். கருத்து வாரியாக மாற்றவும்." கமிட்டி கூடுவதற்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

"எல்லாத்தையும் படிச்சு எழுதினேன் பெரியம்மா. ஒண்ணுகூட விடல. இன்னும் என்ன வேணுமாம் அவருக்கு?"

வாங்கிப் படித்தேன். இரண்டாம் இயல் என்பது முன்னாய்வுகள். நமக்கு முன்னால் இந்த விஷயத்தில் யார் யார் என்ன கண்டார்கள் என்று சொல்லும் பகுதி. பன்னிரண்டு பக்கம், இருபத்திரண்டு ஆய்வுகள். ஒவ்வொரு பத்தியும் ஒரே மாதிரி ஆரம்பித்தது. 1934ஆம் ஆண்டு ஹன்டர் என்பவர். 1953ஆம் ஆண்டு ஹீராஸ் பாதிரியார். 1969ஆம் ஆண்டு பின்லாந்தைச் சேர்ந்த அஸ்கோ பர்போலா. 1977ஆம் ஆண்டு ஐராவதம் மகாதேவன். 1982ஆம் ஆண்டு எஸ்.ஆர். ராவ். ரயில் நிலையத்தில் வண்டிகளை அறிவிப்பதுபோல ஒவ்வொருவராக வந்து, நின்று, கிளம்பிப் போனார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

தகவலில் ஒரு தப்பும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் நன்றாகப் படித்திருந்தாள். அடுக்கி வைத்த விதத்தில்தான் கோளாறு. அதுவும் எனக்குப் பளிச்சென்று தெரியவில்லை. பதினோராம் பக்கம் வந்தபோதுதான் உறைத்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். சிந்துவெளியில் கிடைத்த முத்திரைகளில் சின்னச் சின்னக் குறிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு முத்திரைக்குச் சராசரியாக ஐந்து குறிதான். எல்லோரும் ஏற்றுக்கொள்ளும்படி இன்றுவரை யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை. சிலர் திராவிட மொழி என்கிறார்கள். சிலர் இந்தோ-ஆரிய மொழி என்கிறார்கள். 2004இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸல் மூவரும், இது எந்த மொழியையும் எழுதிய எழுத்தே அல்ல, வழிபாடு, அதிகாரம் போன்றவற்றுக்கான சின்னங்களாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள்.

பாப்பாவின் இயலில் இந்த மூவரும் வருவது பதினோராம் பக்கத்தில். பத்துப் பக்கம் முழுக்க எந்த மொழி, எப்படிப் படிப்பது என்று பார்த்துவிட்டு வரும் ஒருவரிடம், கடைசியில் வந்து, இது மொழியே இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்வதுபோல் இருந்தது. காலத்தில் அந்தக் கேள்வி பலமாக எழுந்தது கடைசியில்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி அது. வருஷ வரிசையில் போட்டால் அது தெரியாது. எது கடைசியில் வந்ததோ அது கடைசியில் நிற்கும், அவ்வளவுதான்.

"சரி பாப்பா, லேப்டாப்பை மூடு" என்றேன். அலமாரியிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைச் சீட்டுகளாக வெட்டினோம்.

முதல் வேலை, ஓர் ஆய்வுக்கு ஒரு சீட்டு. மேலே பெயரும் ஆண்டும். கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியில் அவர் என்ன சொன்னார் என்று எழுதக் கூடாது, எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்று எழுத வேண்டும். இது கேட்பதற்குச் சுலபம். பாப்பா முதலில் எழுதிய ஆறு சீட்டையும் கிழிக்க வேண்டியிருந்தது. "மகாதேவன் 1977, குறிகளுக்குத் தொகுப்பகராதி வெளியிட்டார்" என்று எழுதியிருந்தாள். அது செய்தி. கேள்வி என்ன? மொத்தம் எத்தனை குறி? ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எதன் பக்கத்தில் வருகிறது? எந்தப் பக்கமிருந்து படிப்பது? மகாதேவன் மட்டும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்கிறார். அப்படியானால் அவருக்கு மூன்று சீட்டு.

இங்கேதான் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வருஷ வரிசையில் ஓர் ஆய்வாளர் ஒரே இடத்தில்தான் வர முடியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி வாரியாகப் பிரித்தால் ஒருவரே மூன்று இடத்தில் வரலாம், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வரியோடு. இருபத்திரண்டு ஆய்வுகள் முப்பத்தொரு சீட்டாயின.

இரண்டாவது வேலை, கூடத்துத் தரையில் சீட்டுகளைக் குவிப்பது. அவள் பத்து நிமிடத்தில் மூன்று குவியல் போட்டுவிட்டாள். திராவிடம் என்பவர்கள், ஆரியம் என்பவர்கள், மொழியே இல்லை என்பவர்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மகாதேவனின் தொகுப்பகராதி கையில் மிஞ்சி நின்றது. மகாதேவன் திராவிடக் கருத்தை ஆதரித்தவர்தான். ஆனால் அந்தத் தொகுப்பகராதியை எந்தக் கட்சிக்காரரும் பயன்படுத்தலாம். பி.பி. லாலின் சீட்டும் அப்படித்தான் மிஞ்சியது. ராஜஸ்தானில் உள்ள காலிபங்கனில் கிடைத்த பானை ஓட்டில் ஒரு குறியின் கீறல் இன்னொன்றின் மேல் ஏறியிருப்பதை வைத்து, வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார்கள் என்று 1966இல் காட்டியவர் அவர். அதில் திராவிடம் எங்கே, ஆரியம் எங்கே?

மிஞ்சி நிற்கும் சீட்டுதான் நாம் தப்பாகப் பிரித்ததைக் காட்டிக்கொடுக்கும். அவள் பதில்களை வைத்துக் குவித்திருந்தாள். பதிலை வைத்துக் குவித்தால் அது கட்சி பிரிப்பது. ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொன்னவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். பழைய பட்டியலில் பேசாமல் இருந்தவர்கள் இதிலும் பேச மாட்டார்கள். கேள்வியை வைத்துக் குவித்தால்தான் சண்டை போடுகிறவர்கள் ஒரே திண்ணையில் வந்து உட்காருவார்கள்.

திரும்பக் கலைத்துப் போட்டோம். இந்தத் தடவை நான்கு குவியல் வந்தது. குறிகள் எத்தனை, எந்தத் திசை என்பது ஒன்று. இது ஒரு மொழியின் எழுத்தா என்பது இரண்டு. எழுத்தானால் எந்த மொழி என்பது மூன்று. மீன் குறியை எப்படிப் படிப்பது என்பது நான்கு. இரண்டு சீட்டு மிஞ்சின. 1875இல் கன்னிங்ஹாம் ஹரப்பா முத்திரை ஒன்றை முதன்முதலில் அச்சில் வெளியிட்டதும், 1924இல் ஜான் மார்ஷல் இந்த நாகரிகத்தை உலகுக்கு அறிவித்ததும். அவை எந்தக் கேள்விக்கும் பதில் அல்ல, வரலாற்றுப் பின்னணி. அவற்றை முதல் இயலுக்கு அனுப்பிவிட்டோம்.

மூன்றாவது வேலை, குவியல்களை வரிசைப்படுத்துவது. இதற்கு நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மற்றக் கேள்வியைக் கேட்கவே முடியாதோ, அது முதலில். குறிகளைப் பிரித்து எண்ணாமல், அது எந்த வகை எழுத்து என்று பேச முடியாது. எழுத்துதானா என்று பார்க்காமல், எந்த மொழி என்று கேட்க முடியாது. மொழியைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கொள்ளாமல், மீனை மீன் என்று வாயால் சொல்ல முடியாது. அப்படியானால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பாப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "பெரியம்மா, மொழியே இல்லன்னு சொல்றவங்களக் கொண்டுவந்து முன்னாடி போட்டா, நம்ம பக்கமே கவுந்துடாதா?"

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் சிந்துவெளிப் பாடம் நடத்தியிருக்கிறேன். சிந்துவெளி எழுத்து நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும்போது என் குரல் உயரும். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஃபார்மர் கட்டுரையைப் பற்றி நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. பாப்பா கேட்ட அந்த நிமிஷத்தில், அந்தச் சீட்டைக் கடைசியிலேயே விட்டுவிடலாமே என்று என் வாய் வரைக்கும் வந்தது. பதினோராம் பக்கத்தில் அது எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் குவியலில் அது தனியாக இல்லை. அதன் பக்கத்திலேயே 2009ஆம் ஆண்டுச் சீட்டு இருந்தது. ராஜேஷ் ராவ் குழுவினர் (மகாதேவனும் அதில் ஒருவர்) 'சயின்ஸ்' இதழில் எழுதியது. ஒரு குறிக்கு அடுத்து எந்தக் குறி வரும் என்பதில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். தமிழில் 'ங்' வந்தால் அடுத்துப் பெரும்பாலும் ககர வரிசைதான் வரும் என்று நமக்குத் தெரியும். 'ம்' வந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா மொழியிலும் இப்படி ஒரு பாதிக் கட்டுப்பாடு உண்டு. சிந்துவெளிக் குறிகளிலும் அந்த அளவு மொழிகளுக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு ஸ்ப்ரோட் 2010இல் மறுப்பு எழுதினார். மொழி அல்லாத குறித்தொகுதிகளிலும் இப்படிப்பட்ட எண் வரலாம், ஆகவே அது ஒன்றை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார். பழைய பட்டியலில் இவை மூன்றும் வெவ்வேறு ஆண்டுச் செய்திகள். நடுவில் வேறு ஆய்வுகள் புகுந்திருந்தன. இப்போது ஒரே இடத்தில் கேள்வி, பதில், எதிர்ப்பதில் என்று நின்றன. சந்தேகத்தை முன்னால் வைத்ததால் நம் பக்கம் கவிழவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று சொல்ல முதன்முறையாக இடம் கிடைத்தது.

"போடு பாப்பா, இரண்டாவதாகவே போடு" என்றேன்.

ஒரு விஷயம். வருஷ வரிசையை முழுக்கத் தூக்கி எறிந்துவிடவில்லை. ஒவ்வொரு குவியலுக்குள்ளும் சீட்டுகளை ஆண்டு வாரியாகவே அடுக்கினோம். மறுப்பு என்பது மறுக்கப்படுவதற்குப் பின்னால்தானே வர முடியும்?

மறுநாள் ஞாயிறு முழுக்க அவள் கணினியில் வெட்டி ஒட்டினாள். சாயங்காலம் படித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய இயலில் பர்போலாவுக்கு அடுத்து மகாதேவன் வந்ததால், அவருடைய பத்தி "இவரைப் போலவே கணினியைப் பயன்படுத்தி" என்று தொடங்கியிருந்தது. இப்போது மகாதேவன் முதல் பகுதிக்குப் போய், லாலுக்கு அடுத்து உட்கார்ந்துவிட்டார். படித்தால், பி.பி. லால் பானை ஓட்டைக் கணினியில் போட்டு ஆராய்ந்ததுபோல் இருந்தது! இடம் மாற்றினால் முதலில் உடைவது இந்தச் சுட்டுச் சொற்கள்தான். இவர், மேற்சொன்ன, இதே ஆண்டில், இதற்கு மாறாக, பின்னர். கணினியில் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, யாரைச் சுட்டுகிறது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் பெயரையே போடச் சொன்னேன். பதினேழு இடம் அகப்பட்டது.

இனிதான் கடினமான வேலை. நான்கு பகுதிகளையும் இணைக்க வேண்டும். பாப்பா எழுதியிருந்தது இப்படி: "அடுத்ததாக, சிந்துவெளி எழுத்தின் மொழி பற்றிய ஆய்வுகளைக் காண்போம்." இது கண்டக்டர் அடுத்த ஸ்டாப் பெயரைச் சொல்வது. நிறுத்தத்தின் பெயர் தெரிகிறது, ஏன் அங்கே போகிறோம் என்பது தெரியவில்லை. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறதே, வாக்கியம் எதற்கு?

நான் அவளுக்கு ஒரு சோதனை சொன்னேன். பகுதிகளின் இடத்தை மனசுக்குள் மாற்றிப் பார். மாற்றிய பிறகும் அந்த இணைப்பு வாக்கியம் பொருந்துகிறது என்றால் அது இணைப்பே இல்லை. "அடுத்ததாகக் காண்போம்" என்பது எங்கே வைத்தாலும் பொருந்தும். நல்ல இணைப்பு வாக்கியத்துக்கு இரண்டு கை. ஒரு கை முன் பகுதி எதில் போய் நின்றதோ அதைப் பிடித்திருக்கும். இன்னொரு கை, அதனால் எழும் கேள்வியைப் பிடித்திருக்கும். ஒரு கையை எடுத்தாலும் விழுந்துவிடும்.

முதல் பகுதியின் முடிவில் என்ன கிடைத்தது? எண்ணிக்கையில் ஒற்றுமை இல்லை. மகாதேவன் கணக்கில் 417 குறி. பர்போலா கணக்கில் நானூறுக்குச் சற்றுக் குறைவு. பிரையன் வெல்ஸ் கணக்கில் 676. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், நம் 'கி'யை ஒரு குறியாக எண்ணுவதா, 'க'வும் ஒரு கொக்கியுமாக எண்ணுவதா என்பது போன்ற சிக்கல். ஆனால் எப்படி எண்ணினாலும் சில நூறுதான் வருகிறது. முப்பது நாற்பது எழுத்து உள்ள அகரவரிசைக்கு இது மிக அதிகம். ஆயிரக்கணக்கில் உள்ள சீன எழுத்துமுறைக்கு இது மிகக் குறைவு. சொல்லும் அசையும் கலந்த எழுத்துமுறைக்குச் சரியாக வருகிறது. இதை வைத்துப் பாப்பா திருத்தி எழுதியது:

"பட்டியல்கள் எண்ணிக்கையில் வேறுபட்டாலும், குறிகள் சில நூறு என்பதில் ஒத்துப்போகின்றன. இந்த அளவு, சொல்லும் அசையும் கலந்த எழுத்துமுறைகளுக்குப் பொருந்துகிறது. ஆனால் எண்ணிக்கை பொருந்துவது மட்டுமே ஒரு குறித்தொகுதியை எழுத்தாக்கிவிடுமா என்ற கேள்வி 2004இல் எழுப்பப்பட்டது."

இதை எடுத்து மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அதுதான் அடையாளம்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அவள் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது: "இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இவை எழுத்து என்று கொண்டால் மட்டுமே எந்த மொழி என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. கீழ்வரும் ஆய்வுகள் அனைத்தும் அவ்வாறு கொண்டு தொடங்குபவை." மூன்றே வாக்கியம். ஹீராஸ், பர்போலா, எஸ்.ஆர். ராவ் என்று எல்லோரும் எந்தத் தரையில் நிற்கிறார்கள் என்று அது சொல்லிவிடுகிறது. திராவிடம் என்பவரும் இந்தோ-ஆரியம் என்பவரும் ஒரே நம்பிக்கையிலிருந்து கிளம்புகிறவர்கள் என்பது அந்த வாக்கியம் எழுதும் வரை எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசி இணைப்பு, மூன்றிலிருந்து நான்குக்கு. இதில்தான் சிக்கிக்கொண்டோம்.

நான்காம் பகுதி மீன். தமிழில் மீன் என்றால் தண்ணீரில் இருப்பதும் மீன், வானத்தில் இருப்பதும் மீன். இதை வைத்து மீன் குறி விண்மீனைக் குறிக்கிறது என்று முதலில் சொன்னவர் ஹீராஸ் பாதிரியார். பர்போலா அதை விரித்தார். ஆறு கோடும் மீனும் சேர்ந்தால் அறுமீன், கார்த்திகைக் கூட்டம். ஏழு கோடும் மீனும் எழுமீன், சப்தரிஷி மண்டலம். மீன் தலைக்கு மேல் கூரைபோல ஒரு குறி இருந்தால், கூரை மேய்தலில் வரும் 'மேய்' என்ற ஒலி 'மை'க்கு நெருக்கம், ஆகவே மைம்மீன், அதாவது சனி. நம் பழைய இலக்கியத்தில் சனிக்கு அந்தப் பெயர் இருக்கிறது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

பாப்பா எழுதிய இணைப்பு: "இவ்வாறு சிந்துவெளி மொழி திராவிடம் என்பது உறுதிப்பட்டதால், மீன் குறியை மீன் என்று படிக்க முடிகிறது."

ஓசையாக இருக்கிறது. இரண்டு கையும் இருக்கிறது. இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் பொய். மூன்றாம் பகுதியில் எதுவும் உறுதிப்படவில்லை. அதைவிட மோசம், மூன்றாம் பகுதியில் திராவிடம் என்பதற்குக் காட்டியிருந்த ஆதாரங்களில் பெரியது எது என்று பார்த்தால், மீன் குறி இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதுதான்! திராவிடம் என்பதால் மீன், மீன் பொருந்துவதால் திராவிடம். குறிகள் அமைந்திருக்கும் முறையை வைத்து வைக்கும் இலக்கண வாதம் ஒன்று தனியாக உண்டு. ஆனால் அவள் இயலில் பாரம் முழுக்க மீன் மேல்தான் இருந்தது. வருஷ வரிசையில் இந்தச் சுழல் பதினாறு வருஷ இடைவெளியில் ஒளிந்துகொண்டிருந்தது. 'ஆதலால்' என்ற சொல்லை எழுதப் போனபோதுதான் வெளியே வந்தது.

ஆகவே இன்னொரு சோதனையும் வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். இணைப்பு வாக்கியத்தில் ஆதலால், எனவே, இவ்வாறு என்று வந்தால், முன் பகுதிக்குத் திரும்பிப் போய், அங்கே உண்மையிலேயே அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வாக்கியத்தை மெருகேற்றக் கூடாது. ஓட்டை வாக்கியத்தில் இல்லை, விஷயத்தில் இருக்கிறது.

இரண்டு நாள் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை இரவு போன் செய்தாள். "பெரியம்மா, எழுதிட்டேன். கேளுங்க." இதுதான் அது:

"திராவிட மொழி என்ற கருதுகோளை முன்வைத்தே மீன் குறி படிக்கப்படுகிறது. அந்தப் படிப்பு பொருந்துவதே கருதுகோளுக்கு ஆதாரமாகவும் காட்டப்படுகிறது. இச்சுழலிலிருந்து விலக வேண்டுமானால், மொழி எது என்று கொள்ளாமலேயே, வெறும் மீனும் கூரையிட்ட மீனும் முத்திரைகளில் ஒரே இடங்களில் வருகின்றனவா, வேறு வேறு இடங்களில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மீன் குறி பற்றிய ஆய்வுகளை இந்த நோக்கிலிருந்து காணலாம்."

அவள் படித்து முடித்ததும் எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அது இணைப்பு வாக்கியம் மட்டுமல்ல. அவளுடைய மூன்றாம் இயல் எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் இருந்தது. ஒன்றரை வருஷமாக "என் ஆய்வுல புதுசா என்ன இருக்குன்னு கேட்டா என்ன பெரியம்மா சொல்றது?" என்று அழுதுகொண்டிருந்தவள், ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் ஒட்ட முடியாமல் தவித்த இடத்தில் பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இனி என் கதை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மேல் அலமாரியிலிருந்து என்னுடைய எம்.ஃபில். ஆய்வேட்டை எடுத்தேன். 1986. சோழர் காலக் கிராம நிர்வாகம். சிவப்புக் காலிகோ அட்டை, தட்டச்சு எழுத்து. முன்னாய்வுகள் பகுதியைத் திறந்தேன். பதினோரு ஆய்வுகள், சுத்தமான வருஷ வரிசை. ஒன்பதாம் பக்கத்தில் நீலகண்ட சாஸ்திரி, சோழ அரசு வலிமையான மைய அரசு என்கிறார். பதினான்காம் பக்கத்தில் பர்ட்டன் ஸ்டைன், 1980இல் எழுதிய நூலில், அப்படியொரு மைய அரசே கிடையாது, நாடுகள்தாம் உண்மையான அலகு என்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் அடியோடு மறுக்கிறார். நான் இரண்டையும் மரியாதையாகச் சுருக்கி எழுதிவிட்டு, ஒன்று மற்றொன்றை மறுக்கிறது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. தனித்தனியாகப் படித்தேன், தனித்தனியாக எழுதினேன். என் நெறியாளரும் கேட்கவில்லை, வாய்மொழித் தேர்வுக்கு வந்தவரும் கேட்கவில்லை. முதல் வகுப்பு கிடைத்தது. முப்பத்திரண்டு வருஷம் உங்களுக்கும் அதே மாதிரிதான் வருஷங்களை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். நீங்களும் ஒப்பித்து மார்க் வாங்கினீர்கள். யாராவது ஒருவர் எழுந்து, "டீச்சர், இவரும் அவரும் ஒரே கேள்விக்கா பதில் சொல்றாங்க?" என்று கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன்.

கமிட்டி நடந்தது. இயல் பன்னிரண்டு பக்கத்திலிருந்து பதினான்காகியிருந்தது. ஒரு பேராசிரியர், கூரையிட்ட மீனைத் தனிக் குறி என்று கொள்வதா, மீனின் வகை என்று கொள்வதா, எந்தப் பட்டியலை வைத்து எண்ணப் போகிறாய் என்று கேட்டாராம். "ரெண்டு மாதிரியும் எண்ணிப் பார்க்கப் போறேன் சார்" என்று சொன்னாளாம். நெறியாளர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இயலைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

எண்ணிப் பார்த்து, வெறும் மீனும் கூரை மீனும் ஒரே இடத்தில்தான் வருகின்றன என்று தெரிந்தால், மைம்மீன் படிப்புக்கு அது சங்கடம். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். "அப்படி வந்தா அப்படியே எழுது" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

உங்களில் யாராவது இப்போது முன்னாய்வுகள் எழுதிக்கொண்டிருந்தால், சீட்டு வெட்ட என் வீட்டில் கல்யாணப் பத்திரிகை நிறைய இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். கூடத்துத் தரை காலியாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி டீச்சர்